பத்துப் பேர் பார்த்த துண்டும் ஆயிரம் பேர் பார்த்த துண்டும்

இணையத்தில் துண்டும் படுக்கை விரிப்பும் விற்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "500 ரூபாய்க்குக் கீழான துண்டுகளின் கன்வெர்ஷன் 11 சதவீதம் என்று எக்செல் காட்டுகிறது. ஆனால் கையில் வரும் ஆர்டர் அந்த அளவுக்கு இல்லையே, ஏன்?" விற்பனைத் தளத்திலிருந்து லிஸ்டிங் விவரங்களை CSV கோப்பாக இறக்கி, பிவட் டேபிள் போட்டிருக்கிறார். வகையை Rows பகுதியிலும் விலையை Columns பகுதியிலும் வைத்ததெல்லாம் சரிதான். கோளாறு அந்த 11 எப்படி வந்தது என்பதில் இருக்கிறது.

இறக்கிய கோப்பில் ஒவ்வொரு லிஸ்டிங்குக்கும் பார்வை, ஆர்டர் இவற்றோடு கன்வெர்ஷன் சதவீதமும் தனிப் பத்தியாக வரும். அந்தப் பத்தியை அப்படியே Values பகுதியில் போட்டு Average என்று வைத்தால் என்ன ஆகும்? இரண்டே துண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றைப் பத்துப் பேர் பார்த்து இரண்டு பேர் வாங்கினார்கள், 20 சதவீதம். மற்றதை 990 பேர் பார்த்து 18 பேர் வாங்கினார்கள், சுமார் 1.8 சதவீதம். இரண்டின் சராசரி 10.9. ஆனால் கடைக்கு மொத்தம் வந்த 1000 பேரில் வாங்கியவர்கள் 20 பேர்தான். உண்மை விகிதம் 2 சதவீதம்.

ஒரு கரண்டி உப்புக் கரிக்கும் ரசத்தையும் ஒரு அண்டா உப்பில்லா ரசத்தையும் கலந்தால், ருசி இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்காது. அண்டாவின் பக்கமே சாயும். ஆர்டர்தான் உப்பு, பார்வைதான் தண்ணீர். மொத்த உப்பையும் மொத்தத் தண்ணீரையும் அளந்துவிட்டுத்தான் ருசியைச் சொல்ல முடியும். கரண்டிக்கும் அண்டாவுக்கும் ஆளுக்கொரு ஓட்டுக் கொடுத்துச் சொல்ல முடியாது.

இதைச் சரியாகச் செய்யும் கருவி பிவட் டேபிளுக்குள்ளேயே இருக்கிறது. PivotTable Analyze → Fields, Items & Sets → Calculated Field போய், ஒரு பெயர் கொடுத்து இதை எழுதுங்கள்:

```
=Orders/Views
```

இது ஒவ்வொரு வரியாக வகுத்துப் பிறகு கூட்டுவதில்லை. கட்டத்துக்குள் விழும் ஆர்டர்களை முதலில் கூட்டும், பார்வைகளையும் கூட்டும், கடைசியில்தான் வகுக்கும். விலையை அளவால் பெருக்கித் தொகை காண முயல்பவர்கள் இதே குணத்தால் தவறான மொத்தம் பெற்றுத் திண்டாடுவது உண்டு. விகிதத்துக்கோ அதுவே மிகச் சரியான வழி. வரியின் மொத்தம், பத்தியின் மொத்தம், அடியில் வரும் பெரிய மொத்தம் எல்லாமே அந்தந்த இடத்தில் புதிதாகக் கூட்டி வகுக்கப்படுவதால், எங்கே பார்த்தாலும் கணக்கு இடறாது. இது எனக்கு அலுக்காத அழகு.

  

விலை அடுக்குக்கு, விலை எண்ணின் மேல் வலது சொடுக்கி Group கொடுத்து, Starting at-இல் 0 வைத்து, 500 ரூபாய்க்கு ஒன்றாகப் பிரிக்கலாம். Cannot group that selection என்று மறுத்தால், பெரும்பாலும் விலைப் பத்தியில் எங்கோ எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கிறது என்று பொருள்.

அடுக்கு ஏன் தேவை? துண்டு, விரிப்பு இரண்டுக்கும் தலா 10,000 பார்வை என்று வையுங்கள். துண்டுக்கு 370 ஆர்டர், விரிப்புக்கு 230. துண்டுதான் நன்றாகப் போகிறது என்று தோன்றும். அடுக்காகப் பிரித்தால், 500-க்குக் கீழே துண்டு 9000-க்கு 360, அதாவது 4 சதவீதம். விரிப்பு 1000-க்கு 50, அதாவது 5. மேலே துண்டு 1000-க்கு 10, அதாவது 1. விரிப்பு 9000-க்கு 180, அதாவது 2. இரண்டு அடுக்கிலும் விரிப்பே முந்துகிறது! துண்டில் மலிவானவற்றையே அதிகம் பேர் பார்த்ததால் மொத்தம் தலைகீழானது. சிம்ப்ஸன் முரண் என்பது இதுதான். வகைவாரியான ஒற்றை எண்ணை வைத்து 'எது ஓடும்' என்று அடித்துச் சொல்லும் விற்பனை ஆலோசனைகளை நான் நம்பாததற்குக் காரணமும் இதுவே.

பிரிக்கப் பிரிக்கக் கட்டங்கள் மெலியும். 60 பார்வை, ஆர்டர் இல்லை, 0 சதவீதம் என்று ஒரு கட்டம் காட்டினால் பொருளை உடனே எடுத்துவிடாதீர்கள். உண்மையில் நூற்றுக்கு இருவர் வாங்கும் பொருளுக்குக்கூட, 60 பார்வையில் ஒன்றும் விற்காமல் போவது ஏறக்குறைய பத்துக்கு மூன்று தடவை நடக்கும். அதனால் விகிதத்தின் பக்கத்திலேயே பார்வைகளின் கூட்டுத்தொகையையும் எப்போதும் வையுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பில் இருப்பது பெரும்பாலும் இன்றைய விலை. பார்வைகளோ கடந்த மூன்று மாதத்தவை. நேற்று 650-இலிருந்து 450-க்குக் குறைத்த விரிப்பின் பழைய பார்வைகள் அத்தனையும் மலிவு அடுக்கில் போய் விழுந்து, அந்த அடுக்கின் விகிதத்தை மாற்றிவிடும். விலை மாற்றிய தேதிகளைக் குறித்து வைத்திருந்தால், மாற்றத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு கோப்புகள் இறக்கி, முன்னதில் பழைய விலையை இட்டு, இரண்டு வரிகளாகச் சேர்க்கலாம். இல்லையென்றால் அந்த லிஸ்டிங்கை அறிக்கையிலிருந்து வடிகட்டிவிடுவதே நல்லது.