ஏறும்போது இடறாத படி

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிராங்சுவா புளோண்டெல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: படியின் உயரத்தை இரட்டித்து, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 24 அங்குலம் வரவேண்டும்.

தளத்துக்குத் தளம் 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 18 ஏற்றங்களாகப் பிரித்தால் ஒன்று 7 அங்குலம்; அகலம் 10. கணக்கு சரி. மேல்தளமே கடைசிப் படி என்பதால் மிதிபலகை 17 போதும். மாடிப்படி நேராகப் போனால் 14 அடி 2 அங்குல நீளம் கேட்கும். வயதானவர்கள் இருந்தால் ஏற்றத்தை 6 அங்குலமாகக் குறைத்து, அகலத்தை 12 ஆக்கலாம். இடம்தான் கூடுதலாகும்.

கெடுவது பெரும்பாலும் முதல் படியில்தான். கொத்தனார் வெறும் கான்கிரீட்டிலிருந்து அளந்துவிடுவார். பிறகு தரை கலவையோடு 3 அங்குலம் உயரும், படிக்கல்லோ 1 அங்குலம்தான். முதல் ஏற்றம் 5 ஆகிவிடும். கால் முந்தைய படியின் உயரத்தை எதிர்பார்த்தே தூக்குகிறது, அங்கேதான் தடுக்கும். பூச்சுக்கு முன்பே தரைமட்டத்தைச் சுவரில் கோடிட்டு, அதிலிருந்து அளக்கச் சொல்லுங்கள்.