'ப' காப்பாற்றியது, 'ட' காட்டிக்கொடுத்தது

பெரியம்மாவை வீட்டில் 'பட்டு' என்றுதான் கூப்பிடுவோம். அவங்க அறுபதுக்கு எழுத்துக்கு ஒரு சதுரமாக, கட்டத்தாளைப் பார்த்துப் போடும் ஃபிலே குரோஷாவில் ஒரு தோரணம் பின்ன உட்கார்ந்தேன். முதல் சதுரம் 'ப' அழகாக வந்தது. இரண்டாவது 'ட்' நாலாவது வரிசையிலேயே உடைந்துபோனது.

இந்தப் பின்னலில் இரண்டே சங்கதி. வெற்றுக் கட்டம் என்றால் இரண்டு சங்கிலி, பிறகு ஒரு டபுள் குரோஷே (அமெரிக்கப் பெயரில் சொல்கிறேன்). நிரப்பிய கட்டம் என்றால் சங்கிலிக்குப் பதிலாகவும் இரண்டு டபுள். பக்கத்துக் கட்டங்கள் நடுத்தூணைப் பகிர்ந்துகொள்வதால், ஏழு கட்டத்துக்கு 7×3=21 போதாது; கடைசித் தூணுக்கு ஒன்று சேர்த்து 22.

என் 'ட' ஐந்து கட்ட அகலம், இரு பக்கமும் ஓரத்துக்கு ஒவ்வொரு வெற்றுக் கட்டம். ஆக ஏழு. முதல் வரிசை முழுக்க வெற்று என்பதால் 26 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து எட்டாவது சங்கிலியில் முதல் டபுள். இரண்டாவது வரிசை எழுத்தின் அடிக்கோடு: திரும்பி ஐந்து சங்கிலி, அடுத்த தூணில் ஒரு டபுள், அதிலிருந்து ஐந்து கட்டமும் நிரப்பு. எண்ணினால் தொடர்ச்சியாக 16 டபுள் இருக்கணும். கடைசியில் ஒரு வெற்று.

மூன்றாவது வரிசையிலிருந்து 'ட'வின் இடது தூண் மட்டும்தான். தப்பு இங்கேதான் நடந்தது. துணியைத் திருப்பித் திருப்பிப் பின்னுகிறோம் இல்லையா? அதனால் தாளை ஒற்றைப்படை வரிசையில் வலமிருந்து இடமாகவும், இரட்டைப்படையில் இடமிருந்து வலமாகவும் படிக்கணும். நான் எல்லாவற்றையும் வலமிருந்தே படித்திருக்கிறேன். மூன்றாவதில் தூண் இடப்பக்கம், நாலாவதில் வலப்பக்கம் போய் நின்றது!

அப்போ 'ப' எப்படித் தப்பித்தது? அதை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றுதான். அடிக்கோடும் அப்படியே, அதனால் இரண்டாவது வரிசையிலும் குட்டு வெளிப்படவில்லை. அதனால்தான் முதன்முதலில் பழகிப்பார்க்க 'ப'வை எடுக்காதீர்கள் என்கிறேன். 'ட' எடுங்கள்.

எழுத்து முழுக்க ஒழுங்காக, ஆனால் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி வந்தால் பயப்பட வேண்டாம், இடக்கையால் பின்னுபவர்களுக்கு அப்படி வரும். இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும் பின்னல் இது, புரட்டிப்போட்டால் சரி. தூண் வரிசைக்கு வரிசை பக்கம் தாவினால் மட்டும் பிரித்தே ஆகணும்.

'ட்'டின் புள்ளிக்கு ஒரு நிரப்பிய கட்டம் போதும், ஆனால் எழுத்துக்கும் அதுக்கும் நடுவே ஒரு வெற்று வரிசை விடாவிட்டால் தூணோடு ஒட்டிக்கொள்ளும். அந்த உயரத்தை 'ப'விலும் விட்டிருக்கணும். விடவில்லை. அதையும் பிரித்தேன்.

'டு'வின் வளைவு இன்னும் படிக்கட்டு மாதிரிதான் நிற்கிறது. பெரியம்மா கண்ணாடி போடாமல் பார்த்தால் வட்டமாகத் தெரியும்.