திரையில் மாநிறம், ஆல்பத்தில் கருநிறம்

"என்னப்பா, எம்பொண்ணு இவ்ளோ கறுப்பாவா இருக்கா?" கல்யாண ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் அம்மா கேட்டது இது. என் மானிட்டரில் பளிச்சென்று இருந்த முகம் காகிதத்தில் இருண்டு, கொஞ்சம் செங்கல் நிறத்துக்கே போயிருந்தது. பிரின்ட் போட்ட லேபைத்தான் முதலில் திட்டினேன்.

நண்பரிடம் கலரிமீட்டரை இரவல் வாங்கித் திரைமேல் தொங்கவிட்டபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளங்கையில் அடங்கும் கருவி அது. திரையில் மாறி மாறி வரும் வண்ணக் கட்டங்களை அளந்து சொல்லும். என் மானிட்டரின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 270 கேண்டெலா. வெள்ளை நிறம் 7600 கெல்வின், அதாவது நீலம் பூத்த வெள்ளை. வெளிச்சம் அதிகமாக இருந்ததால், முகத்தை இன்னும் தூக்கிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீலத்தை ஈடுகட்ட, தெரியாமலே கன்னத்தில் மஞ்சளும் சிவப்பும் ஏற்றியிருக்கிறேன். ஒன்று இருட்டாக்கியது, மற்றது செங்கல்லாக்கியது.

சரிசெய்வது ஒரு அரை நாள் வேலைகூட இல்லை. மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். இரவு நேர மஞ்சள் வெளிச்சம், தானாக மாறும் பிரைட்னஸ் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். பிறகு மானிட்டரின் சொந்தப் பட்டன்களால் வெளிச்சத்தை 100க்கும் 120க்கும் நடுவில் இறக்கி, வெள்ளையை 6500 கெல்வினுக்கும் காமாவை 2.2க்கும் வைத்து அளக்கச் சொன்னால், மென்பொருள் அந்தத் திரைக்கான புரொஃபைலை எழுதிவிடும். போட்டோஷாப் அதைப் படித்துத்தான் வண்ணம் காட்டும். முதல் இரண்டு நாள் திரை மங்கலாகவும் மஞ்சளாகவும் தெரியும். பழைய அளவுக்கு ஏற்றிவிடக் கை துறுதுறுக்கும், ஏற்றக்கூடாது.

கண்ணை நம்ப முடியாதபோது எண்ணைப் பார்ப்பேன். ஐடிராப்பரைக் கன்னத்தில் வைத்தால் சிவப்பு அதிகம், பச்சை அடுத்து, நீலம் கடைசி என்று வர வேண்டும். திருத்திய முகத்தில் 178, 128, 98 வந்தது. நலங்கு வைத்த படமென்றால் மஞ்சளால் நீலம் இன்னும் இறங்கும். பச்சை சிவப்பை நெருங்கிவிட்டால் முகம் பசலை பூத்ததுபோல் ஆகிவிடும். திரை பொய் சொன்னாலும் இந்த எண்கள் மாறாது.

லேப் தந்த புரொஃபைலை Proof Setup-இல் போட்டு அச்சு எப்படி வரும் என்று பார்த்துக்கொண்டேன். முதலில் ஒரு பக்கம் மட்டும் சோதனைக்கு அடித்து, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் திரையோடு ஒப்பிட்டேன். மலிவான டியூப் லைட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தால் நல்ல அச்சுகூடப் பச்சையடிக்கும்.

போனுக்கு அனுப்பும் படத்தை sRGB-க்கு மாற்றி, புரொஃபைலையும் சேர்த்தே சேமிக்கிறேன். Adobe RGB-யில் புரொஃபைல் இல்லாமல் போனால் முகம் வெளிறித் தெரியும். அதற்கு மேல் என் கையில் இல்லை. "ரொம்பச் சிவப்பா இருக்கே அண்ணா" என்று மாப்பிள்ளையின் தம்பி கூப்பிட்டான். போன் செட்டிங்கில் Vivid இருந்தால் Natural-க்கு மாற்றிப் பார்க்கச் சொன்னேன். "ஆமாண்ணா, இப்ப சரி" என்றான்.