பூப்பெய்திய பெண்ணுக்கு எள், உளுந்து, முட்டை: சத்துக் கணக்கு என்ன சொல்கிறது?

சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது குடிபாலா மண்டலம். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் இந்தப் பகுதியில், பெண் வயதுக்கு வந்ததும் தரப்படும் உணவிலும் இரண்டு சமையலறைகளின் வழக்கங்களைப் பார்க்கலாம். தமிழ் வீடுகளில் உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை, எள்ளுருண்டை. தெலுங்கு வீடுகளில் எள்ளையும் வெல்லத்தையும் இடித்துப் பிடிக்கும் சிம்மிலி, வறுத்த உளுந்து மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்த சுன்னுண்டலு. சடங்கு முடியும்வரை ஏழு, ஒன்பது, பதினொன்று என்று குடும்ப வழக்கத்துக்கு ஏற்ற நாட்களுக்கு இவை தொடரும். இடுப்பு எலும்பு உறுதிப்படும், கர்ப்பப்பை பலப்படும், இழந்த ரத்தம் ஊறும் என்பவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இந்த உணவுகளில் உண்மையில் என்ன இருக்கிறது, உடலுக்குள் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உடலின் தேவை

இந்தியப் பெண் குழந்தைகள் பெரும்பாலும் 13 வயதை ஒட்டிப் பூப்பெய்துகிறார்கள். உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் அதற்குள் பெரும்பாலும் கடந்திருக்கும். முதல் மாதவிடாய்க்குச் சுமார் ஓராண்டுக்கு முன்பே அந்த வேகம் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. எலும்பில் கால்சியம் படிவதும் இதே காலத்தில்தான் துரிதமாக நடக்கிறது. வளர்ந்த பெண்ணின் எலும்பில் இருக்கும் தாதுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, இந்த வளர்ச்சி உச்சத்தைச் சுற்றிய இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. அதன் பிறகு மாதந்தோறும் ரத்த இழப்பும் தொடங்குவதால் இரும்புச்சத்தின் தேவை உயர்ந்து, உயர்ந்தபடியே நிற்கிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குப் புரதம் 43 கிராம், இரும்புச்சத்து 30 மில்லிகிராம், கால்சியம் 1,000 மில்லிகிராம் தேவை. ஆற்றல் தேவை 2,400 கலோரியை ஒட்டி வரும்.

ஒரு நாள் உணவின் கணக்கு

எடுத்துக்காட்டாக, சடங்கு நாள் ஒன்றில் 13 வயதுப் பெண் சாப்பிடும் சிறப்பு உணவை எடுத்துக்கொள்ளலாம். களிக்கு 50 கிராம் உளுந்து, 25 கிராம் அரிசி, 30 கிராம் வெல்லம், ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். அதோடு 20 கிராம் எள்ளும் 15 கிராம் வெல்லமும் சேர்ந்த சிம்மிலி உருண்டை. கூடவே ஒரு வேகவைத்த முட்டை.

இவை மூன்றும் சேர்ந்து சுமார் 730 கலோரி தருகின்றன. இது நாள் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. புரதம் 24 கிராம் அளவுக்கு வருகிறது. அதாவது பாதித் தேவைக்கு மேல் இதிலேயே நிறைவேறிவிடுகிறது. சோறும் ரசமுமாகச் சாப்பிட்டுப் பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு இது பெரிய சேர்க்கை.

புரதத்தின் தரமும் நன்றாகவே இருக்கிறது. உளுந்தில் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு, மெத்தியோனின் குறைவு. எள்ளில் லைசின் குறைவு, மெத்தியோனின் அதிகம். இரண்டையும் ஒரே நாளில் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. முட்டையில் எல்லா அமினோ அமிலங்களும் தேவையான விகிதத்திலேயே இருக்கின்றன. தாவர உணவில் கிடைக்காத பி12 வைட்டமினும் முட்டையிலிருந்து வருகிறது. நாள் தேவையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை ஒரு முட்டை தந்துவிடும். ஆக, வளரும் உடலுக்கு ஆற்றலும் புரதமும் கொடுப்பது என்ற அளவில் பாட்டிமார்களின் தேர்வு சரியானது.

ரத்தம் ஊறுமா?

இரும்புச்சத்தில் கணக்கு மாறுகிறது. மேலே சொன்ன உளுந்து, எள், முட்டை மூன்றிலும் சேர்த்து 6 மில்லிகிராம் அளவுக்கே இரும்பு கிடைக்கும். இது 30 மில்லிகிராம் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இரும்பு உண்டு என்றாலும், பாகு காய்ச்சும் முறையையும் பாத்திரத்தையும் பொறுத்து அதன் அளவு வெகுவாக வேறுபடும். அதை நம்பிக் கணக்குப் போட முடியாது.

தட்டில் இருக்கும் இரும்பு எல்லாம் ரத்தத்தில் சேர்வதும் இல்லை. உளுந்திலும் எள்ளிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முட்டையின் மஞ்சள் கருவில் உள்ள ஒரு புரதமும் அதையே செய்கிறது. இத்தகைய உணவில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு இரும்பே உடலில் சேரும். 8 பங்கு என்று வைத்துக்கொண்டால், 6 மில்லிகிராமில் அரை மில்லிகிராமே மிஞ்சும். ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் ரத்தம் போகிறது. அதோடு 15 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு வெளியேறுகிறது. நாள் கணக்கில் பிரித்தால் அதுவே அரை மில்லிகிராமைத் தாண்டும். வளர்ச்சிக்கும் உடலின் அன்றாட இழப்புக்கும் வேண்டிய இரும்பு இதற்கு மேல் தனியாகத் தேவை.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆந்திரத்திலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. சில நாள் களியால் இது தீராது என்பதை மேலே உள்ள கணக்கே காட்டுகிறது. வாரம் ஒரு முறை இரும்பு மாத்திரை கொடுப்பது ரத்தசோகையைக் குறைக்கிறது என்பதற்குப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த சான்று உண்டு. அதன் அடிப்படையில்தான் அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்ட நீல நிற மாத்திரை வாரந்தோறும் தரப்படுகிறது. ஆண்டுக்கு இரு முறை குடற்புழு மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். சடங்கு நாட்களில் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்த வார மாத்திரை தவறிவிடக் கூடாது.

எலும்பு உறுதிப்படுமா?

எள்ளில் கால்சியம் மிகுதி. தோலுடன் கூடிய எள் 100 கிராமில் ஆயிரம் மில்லிகிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி தோலில்தான் உள்ளது. அதுவும் ஆக்சலேட்டுடன் இணைந்து இருப்பதால் குடலில் முழுமையாகக் கரைந்து உறிஞ்சப்படுவதில்லை. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். எனவே சிம்மிலிக்குத் தோல் நீக்காத கறுப்பு எள் நல்ல தேர்வு. அப்போதும் நம் எடுத்துக்காட்டில் கிடைக்கும் மொத்தக் கால்சியம் 300 மில்லிகிராம் அளவே. மீதத்துக்குப் பாலும் தயிரும் கேழ்வரகும் வேண்டும். நல்லெண்ணெயில் கால்சியம் அறவே இல்லை. அது கொழுப்பும் ஆற்றலும் மட்டும் தரும்.

உளுந்து குறிப்பாக இடுப்பு எலும்பை வலுப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. புரதம் எலும்பு வளர்ச்சிக்குத் தேவை, உளுந்தில் புரதம் உண்டு என்ற அளவுக்கே சொல்ல முடியும். அந்தப் பலன் உடல் முழுவதற்குமானது.

கர்ப்பப்பை பற்றிய நம்பிக்கைக்கு எள்ளில் உள்ள லிக்னன் என்னும் பொருட்களைச் சிலர் அறிவியல் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் இவற்றை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல மிக மென்மையாகச் செயல்படும் பொருட்களாக மாற்றுகின்றன என்பது உண்மை. தைவானில் 2006இல் வெளிவந்த ஆய்வில், நாளும் 50 கிராம் எள் பொடி சாப்பிட்டவர்களின் ரத்தக் கொழுப்பிலும் ஹார்மோன் தொடர்பான சில அளவுகளிலும் மாற்றம் தெரிந்தது. ஆனால் அதில் பங்கேற்ற 24 பேரும் மாதவிடாய் நின்ற பெண்கள். அந்த முடிவைப் பதின்வயதுப் பெண்ணின் கர்ப்பப்பைக்குப் பொருத்த முடியாது.

பச்சை முட்டை வேண்டாம்

இந்த வழக்கத்தில் மாற்றியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. பல வீடுகளில் விடியற்காலையில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அதன் மேல் நல்லெண்ணெயும் கொடுக்கிறார்கள். வேகவைத்தால் சத்துப் போய்விடும் என்பது நம்பிக்கை. பெல்ஜியத்தில் 1998இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. வெந்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு 91 பங்கு செரித்தது, பச்சை முட்டையில் 51 பங்குதான். பச்சை வெள்ளைக் கருவில் உள்ள அவிடின், பயோட்டின் என்ற வைட்டமினையும் கட்டிப்போடுகிறது. ஓட்டில் ஒட்டியிருக்கும் சால்மோனெல்லா கிருமியால் காய்ச்சலும் வாந்திபேதியும் வரக்கூடும். நாட்டுக்கோழி முட்டைக்கும் இது பொருந்தும். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவைத்துக் கொடுப்பதே நல்லது.

வெறும் வயிற்றில் குடிக்கும் எண்ணெய் பலருக்குக் குமட்டலையும் வயிற்றுப்போக்கையும் தருகிறது. பெண் வாந்தி எடுத்தால் கொடுத்த சத்தும் வீண். அதே எண்ணெயைக் களியில் கிளறிக் கொடுக்கலாம். எள் சாப்பிட்டதும் உதடு வீங்குதல், தடிப்பு, மூச்சிரைப்பு வந்தால் அது ஒவ்வாமை. எள்ளும் நல்லெண்ணெயும் உடனே நிறுத்தப்பட வேண்டும், மூச்சுத் திணறினால் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பலன் கூட்டும் மாற்றங்கள்

களி சாப்பிடும் வேளையிலேயே ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ கொடுத்தால், வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதைக் கூட்டும். தேநீரும் காப்பியும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகட்டும். உளுந்தை ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்தால் ஃபைட்டேட் குறையும். எனவே தோல் உளுந்தில் செய்த இட்லியும் தோசையும் களிக்குச் சளைத்தவை அல்ல. மீனும் ஈரலும் இறைச்சியும் சாப்பிடும் வீடுகளில் சடங்கு நாட்களில் அவற்றை விலக்கிவைப்பதற்கு ஊட்டச்சத்து நோக்கில் காரணமே இல்லை. எளிதில் உறிஞ்சப்படும் இரும்பு இவற்றில்தான் இருக்கிறது.

கால அளவுதான் இன்னும் முக்கியமானது. பதினொரு நாள் திகட்டத் திகட்டக் கொடுத்துவிட்டுப் பிறகு நிறுத்துவதைவிட, நாளுக்கு ஒரு முட்டையும் ஒரு சிறு சிம்மிலியும் ஒரு கரண்டி பருப்பும் ஆண்டு முழுவதும் கிடைப்பது மேல். வளர்ச்சியின் உச்சம் பூப்புக்கு முன்பே வருவதால், பத்து வயதிலேயே இதைத் தொடங்க வேண்டும். ஆந்திர அரசுப் பள்ளிகளின் மதிய உணவில் வாரத்துக்கு ஐந்து முட்டையும் மூன்று நாள் கடலை மிட்டாயும் சேர்க்கப்பட்டதும், தமிழ்நாட்டில் வாரம் ஐந்து முட்டை தரப்படுவதும் இதே வகை ஏற்பாடுகள்தான்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம்

எந்த உணவாலும் ஈடுகட்ட முடியாத நிலைகள் உண்டு. ரத்தப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற நேர்வது, படியேறும்போது மூச்சு வாங்குவது, உள்ளிமையும் நாக்கும் வெளுப்பது, மண் அல்லது பச்சரிசி தின்னும் ஆசை ஆகியவை அதற்கான அடையாளங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடலாம். 12 வயதைக் கடந்த பெண்ணுக்கு அது டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அப்போது மருத்துவர் சொல்லும் அளவில் இரும்பு மாத்திரையே சிகிச்சை. களியும் சிம்மிலியும் முட்டையும் அதற்குத் துணை உணவாகத் தொடரலாம்.