வெல்லத்துக்கு இரண்டு விளக்கம்: எது ஆர்டர் தந்தது?

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி மண்டியில் வெல்லத்தை யாரும் வார்த்தையால் விற்பதில்லை. வியாபாரி சிப்பத்தைப் பிரித்து ஓர் உருண்டையை உடைப்பார், வாயில் போட்டுப் பார்ப்பார், விலை சொல்வார். அதே வெல்லத்தை ஒரு கிலோ பாக்கெட்டில் அடைத்து இணையத்தில் விற்கும்போது உடைத்துப் பார்க்க வழியில்லை. அந்த வேலையைப் படமும், தலைப்பும், கீழே எழுதும் விளக்கமும்தான் செய்தாக வேண்டும். அதனால்தான், "விளக்கத்தை மாற்றி எழுதினால் விற்பனை கூடுமா?" என்ற கேள்வி காய்ச்சுகிறவர்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. கூடலாம், குறையவும் செய்யலாம். எது நடந்தது என்பதைச் சரியாகக் கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இணையக் கடையில் மூன்று எண்கள் கிடைக்கும். பொருள் எத்தனை முறை திரையில் காட்டப்பட்டது என்பது பார்வை. அதைத் தொட்டு எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பது கிளிக். வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது ஆர்டர். பலர் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தேடல் பட்டியலில் வாடிக்கையாளர் கண்ணில் படுவது படம், தலைப்பு, விலை, நட்சத்திர மதிப்பு இவ்வளவுதான். நீண்ட விளக்கம் அங்கே தெரியாது. ஆகவே பார்வை கிளிக்காக மாறுவதற்கு விளக்கம் காரணமாக முடியாது. உள்ளே வந்தவர் விளக்கத்தைப் படித்துவிட்டு வாங்குகிறாரா, திரும்பிப் போகிறாரா என்பதில்தான் அதன் பங்கு இருக்கிறது. விளக்கத்தைச் சோதிக்கும்போது பார்க்க வேண்டியது நூறு கிளிக்குக்கு எத்தனை ஆர்டர் என்ற ஒரே கணக்கைத்தான். ஆனால், சில தளங்களில் விளக்கத்தில் உள்ள சொற்களையும் தேடலுக்கு எடுத்துக்கொள்வார்கள். அங்கே பார்வையும் மாறக்கூடும் என்பதால் அந்த எண்ணையும் குறித்து வைப்பது நல்லது.

இரண்டு விளக்கங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது பெரும்பாலோர் எழுதுவது: "பழனி வட்டாரத்தின் பாரம்பரிய நாட்டு வெல்லம். தூய்மையானது, சுவையானது, குடும்பத்துக்கு ஏற்றது." இரண்டாவது இப்படி: "ஹைட்ரோஸ் சேர்க்காமல் காய்ச்சியது, அதனால் நிறம் அடர் பழுப்பாக இருக்கும். பழைய சரக்கு அல்ல. கழிவு எடுக்க வெண்டைத் தண்டுச் சாறும் சுண்ணாம்பும் மட்டுமே பயன்படுத்தியுள்ளோம். கரைத்து வடிகட்டிப் பயன்படுத்தவும். மழைக்காலத்தில் கசியும், காற்றுப்புகாத டப்பாவில் வைக்கவும்." முதல் விளக்கத்தை எந்த வெல்லத்துக்கும் ஒட்டலாம். இரண்டாவது, வாங்குகிறவர் மனதில் எழும் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறது. மஞ்சள் வெல்லத்தையே பார்த்துப் பழகியவர்களுக்குக் கருத்த உருண்டையைக் கண்டால் தயக்கம் வரும். இரண்டாவது நன்றாக ஓடும் என்று தோன்றலாம். தோன்றுவதை வைத்து முடிவு செய்ய முடியாது.

இதைச் சோதிக்கும் முறை விவசாயிகளுக்குப் புதிதல்ல. இரண்டு நெல் ரகத்தை ஒப்பிட ஒன்றை மேட்டிலும் மற்றதைப் பள்ளத்திலும் நட்டுவிட்டு விளைச்சலைப் பார்ப்பவர் உண்டா? ஒரே வயலைப் பாத்தியாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு, பலமுறை திரும்பச் செய்து பார்ப்பதே முறை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1919 முதல் பணிபுரிந்த ரொனால்ட் ஃபிஷர் இதற்குக் கணக்கு வகுத்தார். இன்று இணையக் கடைகள் இரண்டு பக்கங்களை ஒப்பிடுவதும் அதே வயல் கணக்கில்தான்.

அமேசானில் வணிகச் சின்னம் பதிவு செய்தவர்களுக்கு 'Manage Your Experiments' என்ற வசதி உண்டு. வருகிறவர்களில் ஒரு பாதிக்கு ஒரு விளக்கமும் மறுபாதிக்கு மற்றதும் தானாகவே காட்டப்படும். ஆனால் அந்தப் பொருளுக்குப் போதுமான வருகை இருந்தால்தான் அனுமதி கிடைக்கும். இந்த வசதி இல்லாதவர்கள் வாரம் மாற்றி வாரம் செய்யலாம். இரண்டிரண்டு வாரமாக எடுத்து, முதலில் எது என்பதைக் காசு சுண்டித் தீர்மானிக்க வேண்டும். புதிய விளக்கம் எல்லோருக்கும் தெரியவர நேரம் பிடிக்கலாம் என்பதால் மாற்றிய முதல் நாள் எண்ணைத் தள்ளிவிடலாம். இந்தக் காலத்தில் விலை, படம், தலைப்பு, விளம்பரச் செலவு எதையும் தொடக்கூடாது. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் எந்த விளக்கம் போட்டாலும் வெல்லம் ஓடும். பழைய விளக்கத்தை மார்கழி தொடக்கத்திலும் புதியதை பொங்கலுக்கு முந்தைய வாரத்திலும் போட்டுவிட்டு, "எழுத்து மாற்றினேன், விற்பனை இரட்டித்தது" என்றால் அது பொங்கலின் விற்பனை.

இனி கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. எட்டு வாரம் சோதிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்தாயிற்று. நான்கு வாரம் முடிந்தபோது இரண்டுக்கும் தலா 10,000 பார்வை, தலா 400 கிளிக். முதல் விளக்கத்தில் 16 ஆர்டர், இரண்டாவதில் 25. ஒன்றரை மடங்குக்கு மேல் என்பதால் இங்கேயே முடித்துவிடத் தோன்றும்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டுக்கும் கிளிக் ஏறக்குறையச் சமமாக இருந்தால், மொத்த ஆர்டருக்கு வர்க்கமூலம் கண்டு இரண்டால் பெருக்குங்கள். ஆர்டர் வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் அது தற்செயல் அல்ல என்று ஓரளவு நம்பலாம். இங்கே மொத்தம் 41. வர்க்கமூலம் 6.4, இரட்டித்தால் சுமார் 13. வித்தியாசமோ 9. ஒரே விளக்கத்தையே இரண்டு பாதியாகப் பிரித்துப் பார்த்தாலும் இந்த அளவு வித்தியாசம் வருவது அபூர்வமல்ல.

எட்டு வாரம் முடிந்தபோது தலா 800 கிளிக், ஆர்டர் 33க்கு 56. மொத்தம் 89, வர்க்கமூலம் 9.4, இரட்டித்தால் 19. வித்தியாசம் 23. இப்போது இரண்டாவது விளக்கத்தை வைத்துக்கொள்ளலாம். நூறு கிளிக்குக்கு 4 ஆர்டர் வந்த இடத்தில் 7 வருகிறது. பார்வைக்குக் கிளிக் இரண்டிலும் நூற்றுக்கு 4தான், அது மாறவில்லை. படத்தையோ தலைப்பையோ சோதித்திருந்தால் அந்த எண்தான் பேசியிருக்கும். தினமும் கணக்குப் பார்த்து, சாதகமாகத் தெரிந்த நாளில் நிறுத்துவது கூடாது. அப்படி நிறுத்தினால் ஏதாவது ஒரு நாள் எந்த விளக்கமும் ஜெயித்ததாகவே தெரியும்.

ஆர்டரோடு கணக்கு முடிவதில்லை. திரும்பி வந்த பாக்கெட்டுகளைக் கழிக்க வேண்டும். 'தங்க நிற வெல்லம்' என்று எழுதிக் கருத்த உருண்டையை அனுப்பினால் ஆர்டர் கூடும், சரக்கும் திரும்பி வரும். போக்குவரத்துச் செலவு விற்பவர் தலையில் விழலாம், நட்சத்திரமும் குறையும். அதேபோல, 'சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்' என்ற வரியைச் சோதனைக்குக்கூடப் போடக்கூடாது. வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், ரத்தச் சர்க்கரையை அது ஏற்றவே செய்யும். உணவுப் பொருளுக்குத் தவறான உரிமைகோரல் எழுதுவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிமுறைகள் தடை செய்கின்றன. 'ஹைட்ரோஸ் சேர்க்கவில்லை' என்று எழுதுகிறவரும், தன் கொப்பரையில் காய்ச்சியதற்கு மட்டுமே அதை எழுத வேண்டும். மண்டியில் வாங்கிப் பாக்கெட் போட்ட சரக்குக்கு ஆய்வக அறிக்கை இல்லாமல் எழுதக்கூடாது.

மாதத்துக்கு ஐந்தாறு ஆர்டர் மட்டும் வருகிறவருக்கு இந்தச் சோதனை பயன்படாது. எட்டு வாரமல்ல, ஒரு வருடம் ஓட்டினாலும் முடிவு தெரியாமல் போகலாம். அவர்கள் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளையும் சரக்கைத் திருப்பி அனுப்பும்போது சொல்லும் காரணங்களையும் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். "ஏன் கருப்பாக இருக்கிறது?" என்று மூன்று பேர் கேட்டிருந்தால் விளக்கத்தின் முதல் வரியே அதற்குப் பதிலாக இருக்கட்டும்.