'இவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?' - வீல்சேரில் வருபவரிடம் பேசுவது எப்படி?

காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில், ஒரு நெசவாளர் வீட்டுக்குப் பட்டுச்சேலை வாங்க ஒரு பெண் வீல்சேரில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம் அவருக்குத்தான், பணமும் அவருடையது. ஆனால் சேலை காட்டுபவர், பின்னால் நிற்கும் தங்கையைப் பார்த்து, "இவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்கிறார். 'உங்களுக்கு' என்பது 'இவங்களுக்கு' ஆன நொடியில், வாங்க வந்தவர் பேச்சிலிருந்தே வெளியே போய்விட்டார்.

பிரிட்டனிலும் இதே கதைதான். பிபிசி ரேடியோ 4-ல் 1977 முதல் 1998 வரை வந்த மாற்றுத்திறனாளிகள் பற்றிய நிகழ்ச்சியின் பெயரே 'அவர் சர்க்கரை போட்டுக்குவாரா?'. டீ கொடுப்பவர் கூட வந்தவரிடம் கேட்கிற கேள்வி!

சரி, எப்படிப் பேசுவது? வீல்சேரில் இருப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 4 அடி. ஒட்டி நின்றால் அவர் அண்ணாந்தே பார்க்கணும், கழுத்து வலிக்கும். கொஞ்சம் தள்ளி, நேர் எதிரே நின்று வணக்கம் சொல்லுங்க. பேச்சு நீளும் என்றால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. குழந்தையிடம் குனிவதுபோல முட்டியில் கைவைத்துக் குனிய வேண்டாம். வீல்சேர் மேல சாயவும் வேண்டாம், அது அவர் உடம்பு மாதிரி. பாயில் விரித்த சேலையை அவர் மடிக்கே கொண்டுவாங்க. ஜரிகையைத் தொட்டுப் பார்த்துத்தானே எல்லாரும் வாங்குறோம்?

பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்: தங்கையே முந்திக்கொண்டு பதில் சொல்வார். கேட்டுக்கொண்டு, அடுத்த கேள்வியை மறுபடி அக்காவிடமே கேளுங்க: "உங்களுக்கு பார்டர் பெருசா வேணுமா, சின்னதா போதுமா?" அவர் மெதுவாகப் பேசுபவர் என்றால் முடிக்கும்வரை காத்திருங்க. கடைசியில் பில்லும் அவர் கையில்தான்.