6174: எங்கே தொடங்கினாலும் வந்து சேரும் எண்

நாசிக் அருகே உள்ள தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர். காப்ரேக்கர், 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் தாம் கண்டறிந்த ஒரு விஷயத்தைச் சொன்னார். அதைப் புரிந்துகொள்ளக் கழித்தல் தெரிந்தால் போதும்.

நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலக்கங்களை மாற்றி அடுக்கி, கிடைக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணை எழுதுங்கள். அதே இலக்கங்களால் மிகச் சிறிய எண்ணையும் எழுதுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வரும் விடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் இதையே செய்யுங்கள். மாநாடு நடந்த ஆண்டான 1949-ஐயே போட்டுப் பார்ப்போம்.

9941 − 1499 = 8442
8442 − 2448 = 5994
9954 − 4599 = 5355
5553 − 3555 = 1998
9981 − 1899 = 8082
8820 − 0288 = 8532
8532 − 2358 = 6174

இன்னொரு முறை கழித்தால் 7641 − 1467 = 6174. இனி எத்தனை முறை செய்தாலும் இதே விடைதான். வேறு எண்ணில் தொடங்கினாலும் முடிவு மாறாது. அதிகபட்சம் ஏழு கழித்தலுக்குள் 6174 வந்துவிடும். 1949 அந்த ஏழையும் முழுதாக எடுத்துக்கொள்ளும் எண்களில் ஒன்று.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. நான்கு இலக்கங்களும் ஒன்றாகவே இருக்கக் கூடாது. 3333-ஐ எப்படி மாற்றி அடுக்கினாலும் அதுவேதான். கழித்தால் பூஜ்யம்தான் மிஞ்சும். அடுத்தது, விடையின் முன்னால் பூஜ்யம் வந்தால் அதையும் ஓர் இலக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். 1000-த்தில் தொடங்கினால் 1000 − 0001 = 0999. இதை வெறும் 999 என்று எழுதிவிட்டால் அடுத்த கழித்தலில் பூஜ்யம் வந்து கணக்கு நின்றுவிடும். பூஜ்யத்தை விடாமல் வைத்திருந்தால் 9990 − 0999 = 8991. அடுத்து 9981 − 1899 = 8082. இது மேலே 1949-இன் வழியில் பார்த்த எண். அங்கிருந்து இரண்டே கழித்தலில் 6174.

ஏன் இப்படி? முதல் கழித்தலையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 9941-இல் ஓரங்களில் இருப்பவை 9, 1. நடுவில் இருப்பவை 9, 4. சிறிய எண்ணை எழுதும்போது ஓரத்து இலக்கங்கள் தமக்குள் இடம் மாறுகின்றன. நடு இலக்கங்களும் தமக்குள் இடம் மாறுகின்றன. ஓரங்களை மட்டும் கழித்தால் 9001 − 1009 = 7992. இது 999-இன் 8 மடங்கு. 8 என்பது 9-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசம். நடுப்பகுதியை மட்டும் கழித்தால் 940 − 490 = 450. இது 90-இன் 5 மடங்கு. 5 என்பது 9-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம். இரண்டையும் கூட்டினால் 8442.

ஆக, விடையைத் தீர்மானிப்பவை நான்கு இலக்கங்கள் அல்ல, ஓர வித்தியாசம், நடு வித்தியாசம் என்ற இரண்டு சிறிய எண்கள்தான். ஓர வித்தியாசத்தை 999-ஆல் பெருக்கி, நடு வித்தியாசத்தை 90-ஆல் பெருக்கிக் கூட்டினால் விடை வந்துவிடும். ஓர வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். நடு வித்தியாசம் பூஜ்யத்திலிருந்து ஓர வித்தியாசம் வரை இருக்கலாம், அதைத் தாண்ட முடியாது. இப்படி அமையும் ஜோடிகள் மொத்தம் 54. 0000 முதல் 9999 வரையுள்ள பத்தாயிரம் எண்களைச் சோதிக்கும் வேலை, ஒரே ஒரு கழித்தலோடு 54 ஆகச் சுருங்கிவிடுகிறது. காகிதமும் பென்சிலும் இருந்தால் ஒரே நாளில் முழுவதையும் சரிபார்த்துவிடலாம். அப்படிப் பார்த்தால் 54-இல் ஒரே ஒரு ஜோடிதான் தன்னிடமே திரும்பி வருகிறது: ஓர வித்தியாசம் 6, நடு வித்தியாசம் 2. ஆறு 999 சேர்ந்தால் 5994, இரண்டு 90 சேர்ந்தால் 180, கூட்டினால் 6174. அதன் இலக்கங்களை 7641 என்று அடுக்கினால் மறுபடியும் ஓரத்தில் 6, நடுவில் 2.

கணக்கு போடும்போது எங்காவது பிசகினால் கண்டுபிடிக்கவும் இந்த அமைப்பு உதவுகிறது. ஒவ்வொரு விடையிலும் முதல், கடைசி இலக்கங்களைக் கூட்டினால் 10 வர வேண்டும். நடு இலக்கங்களைக் கூட்டினால் 8 வர வேண்டும். 8442, 8532, 6174 எல்லாமே அப்படித்தான். நடு வித்தியாசம் பூஜ்யமாக இருந்தால் மட்டும் விடையின் நடுவில் இரண்டு 9 வரும். அப்போது ஓர இலக்கங்களின் கூட்டுத்தொகை 9. மேலே வந்த 5994-உம் 1998-உம் இந்த வகை. இந்த இரண்டிலும் அடங்காத விடை வந்தால், கடன் வாங்கிக் கழித்ததில் தவறு இருக்கிறது என்று பொருள்.

காப்ரேக்கர் முதுகலைப் படிப்பு படித்தவர் அல்லர். பல்கலைக்கழகப் பதவியும் வகித்ததில்லை. 6174 பற்றிய அவருடைய கட்டுரை 1955-இல் ‘ஸ்கிரிப்டா மேத்தமேட்டிகா’ இதழில் வந்தது. 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் தமது பத்தியில் அவரைப் பற்றி எழுதிய பிறகே உலகெங்கும் அவர் பெயர் பரவியது. இன்று இந்த எண்ணுக்குக் காப்ரேக்கர் மாறிலி என்றே பெயர்.

மற்ற இலக்கங்களில் என்ன நடக்கிறது? எண்களின் தொகை எல்லைக்குட்பட்டது என்பதால், இந்தக் கழித்தலைத் தொடர்ந்து செய்தால் எப்போதாவது முன்பு வந்த எண்ணே திரும்ப வந்தாக வேண்டும். ஆனால் அது ஒரே எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மூன்று இலக்கங்களில் 495 என்ற ஒரே எண்ணில் முடிகிறது. இரண்டு இலக்கங்களில் எங்குமே நிற்பதில்லை. 09, 81, 63, 27, 45, மறுபடியும் 09 என்று வட்டமடிக்கிறது.

ஐந்து இலக்கங்கள்தான் மிகவும் கவனிக்க வேண்டியவை. அங்கே நட்டநடு இலக்கம் இடம் மாறாததால் கழித்தலில் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது மறுபடியும் இரண்டு வித்தியாசங்கள். அதாவது அதே 54 ஜோடிகள். பெருக்கும் எண்கள் மட்டும் 9999, 990 என்று மாறுகின்றன. அந்த மாற்றமே போதும், நிலைத்து நிற்கும் எண் ஒன்றுகூட இல்லாமல் போகிறது. 53955-இலிருந்து 59994 வருகிறது, 59994-இலிருந்து 53955 வருகிறது. இது தவிர, நான்கு நான்கு எண்கள் கொண்ட இன்னும் இரண்டு வட்டங்களும் உண்டு. எந்த எண்ணில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து, இந்த மூன்றில் ஒன்றில் போய்ச் சேருவோம்.

54 ஜோடிகள்தான் என்று சொல்லிவிடும் அந்தச் சுருக்கு வழி, நான்குக்கும் ஐந்துக்கும் பொது. எல்லாம் ஒரே எண்ணில் கூடுமா, மூன்று வட்டங்களாகப் பிரியுமா என்பதை அது முன்கூட்டிச் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள 54 கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.